டெட்டால் சோப் ஓகே... டெட்டால் பாத்திர ஜெல்? நம்பிக்கையான ஒரு பெயரை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

'டெட்டால்' என்று யாராவது சொன்னதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது? கட்டுரைக்காக அலுவலகத்தில் சும்மா கேட்டுப் பார்த்தேன். ஒருவர் 'எரிச்சல்' என்றார். ஒருவர் 'ஆஸ்பத்திரி வாசனை' என்றார். இன்னொருவர், "தண்ணியில ஊத்தினா பால் மாதிரி ஆகுமே, அது" என்றார். 'சோப்' என்று யாருமே சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிப்பேர் வீட்டில் காலையில் குளித்துவிட்டு வந்ததே அந்த சோப்பில்தான்.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய வியாபாரக் கணக்கு இருக்கிறது. ஒரு பொருளால் பெயர் வாங்கிய நிறுவனம், அதே பெயரை வேறு வகைப் பொருளின் மீது ஒட்டி விற்பதை 'பிராண்ட் எக்ஸ்டென்ஷன்' என்பார்கள். புதுப் பெயரை மக்கள் மனதில் பதியவைக்க ஆகும் விளம்பரச் செலவு மிச்சம். கடைக்காரரும் தயங்காமல் அலமாரியில் இடம் கொடுப்பார். கேட்க ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால், பெயரை இழுக்க இழுக்க அது நீர்த்துப்போகவும் செய்யும். எப்போது நீர்க்கும், எப்போது நீர்க்காது? அதற்கு டெட்டாலின் கதையைவிட நல்ல பாடம் நம் வீட்டுக்குள் கிடைக்காது.

முதல் சுற்றில் தோற்ற சோப்

டெட்டால், இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவனத்தின் தயாரிப்பு. 1930-களில் அங்கே மருத்துவமனைகளில், குறிப்பாக பிரசவ வார்டுகளில் கிருமித்தொற்றைத் தடுக்கப் பயன்பட்டு, பிறகு வீடுகளுக்குள் வந்த திரவம். அதில் வேலை செய்யும் முக்கிய மருந்து குளோரோஸைலெனால். பாட்டிலின் லேபிளைப் பார்த்தால் 4.8 சதவிகிதம் என்று போட்டிருக்கும். கூடவே பைன் எண்ணெய், ஆல்கஹால், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த சோப் எல்லாம் இருக்கின்றன. பாட்டிலுக்குள் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் திரவம், தண்ணீரில் விட்டதும் வெள்ளையாகக் கலங்குவதற்குக் காரணம் இந்தக் கலவைதான். தண்ணீர் சேர்ந்ததும் எண்ணெய்ப் பகுதி கரைய முடியாமல் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. அதுதான் நம் கண்ணுக்குப் பாலாகத் தெரிகிறது.

வாசனை, எரிச்சல், பால் போன்ற கலங்கல். இந்த மூன்றும் சேர்ந்துதான் 'டெட்டால்' என்ற சொல்லுக்கு நம் மனதில் அர்த்தம் கொடுத்தன. குழந்தை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அம்மா பஞ்சில் நனைத்துத் தொட்டு வைப்பார். 'எரியுதா? அப்போ வேலை செய்யுது' என்பது நம் வீடுகளில் எழுதப்படாத மருத்துவக் குறிப்பு. (எரிவதற்கும் குணமாவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால், நம்பிக்கை அப்படித்தான் உருவாகிறது.)

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு 1981-ம் ஆண்டு இந்தியாவில் டெட்டால் சோப் வந்தது. ஒரு புட்டி டெட்டால் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். அடிபட்டால்தானே எடுக்கிறோம்? சோப் அப்படியில்லை, தினமும் கரைகிறது. எனவே நிறுவனம் சோப் பக்கம் பார்வையைத் திருப்பியதில் ஆச்சர்யமில்லை.

ஆனால், முதலில் அந்த சோப்பை எப்படி விற்றார்கள் தெரியுமா? 'அன்பும் அக்கறையும்' என்ற மென்மையான தொனியில். மற்ற குளியல் சோப்களைப் போலவே இதுவும் சருமத்தைப் பார்த்துக்கொள்ளும் சோப் என்பதுபோல. விற்பனை படுத்துவிட்டது.

ஏன் என்று யோசித்தால் புரிகிறது. மென்மை, மணம், அழகு ஆகிய மூன்றையும் அப்போதே லக்ஸ் போன்ற சோப்கள் பட்டா போட்டு வைத்திருந்தன. டெட்டால் என்ற பெயர் அந்த இடத்துக்கு எந்த வலுவையும் கொண்டு வரவில்லை. சொல்லப்போனால், மைனஸ்தான். காயத்தில் எரிகிற ஒரு பெயர் 'நான் மென்மையானவன்' என்று வந்து நின்றால், கேட்பவருக்குக் குழப்பம்தானே வரும்?

சீக்கிரமே நிறுவனம் பாதையை மாற்றியது. '100 சதவிகிதக் குளியல்' என்ற வாசகத்தோடு சோப்பை மறுபடி கொண்டுவந்தது. வெயில், வியர்வை, புழுதி, பஸ் கூட்டம் என்று வெளியே அலைந்துவிட்டு வருகிறவர்களுக்கான குளியல், அழுக்கோடு கிருமியையும் போக்கும் குளியல் என்பதுதான் புதிய பேச்சு. இந்தமுறை பெயரும் பொருளும் ஒரே விஷயத்தைப் பேசின. அதன் பிறகு நடந்தது நமக்கே தெரியும். டெட்டால் சோப், திரவ டெட்டாலைவிடப் பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, பெயர் அதேதான், வகையும் அதேதான். இரண்டு முறையும் விற்றது குளியல் சோப். மாறியது, அந்தப் பெயரிலிருந்து எந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது மட்டும்தான். பெயரை வேறு பொருளுக்குக் கொண்டு போகும்போது, கூடவே போவது அதன் புகழ் அல்ல. அதன் அர்த்தம். அந்த அர்த்தத்துக்குப் புது இடத்தில் வேலை இருந்தால் பெயர் உதவும். இல்லாவிட்டால் வெறும் எழுத்துதான்.

வாசனை எதிரியான இடம்

சோப் ஜெயித்த பிறகு கைகழுவும் திரவம், பிளாஸ்டர், ஷேவிங் க்ரீம் என்று டெட்டால் பெயர் பல பொருள்களில் ஏறியது. கைகழுவும் திரவத்தையும் பிளாஸ்டரையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை, கிருமி, காயம் என எல்லாமே பழைய அர்த்தத்துக்குள்ளேயே இருப்பவை. ஷேவிங் க்ரீமும் ஓரளவுக்குச் சரி. பிளேடு என்றாலே கீறல் பயம் இருக்கிறதே!

சுவாரஸ்யமான கட்டம், 2013-ல் டெட்டால் சமையலறைக்குள் நுழைந்ததுதான். பாத்திரமும் சமையல் மேடையும் துலக்கும் ஜெல். கிருமி என்றால் சமையலறையில் இல்லாததா? சிங்க், பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர், காய் நறுக்கும் பலகை எல்லாமே கிருமிகளின் கூடாரம்தான். தர்க்கப்படி பார்த்தால் சோப்புக்குப் பொருந்திய அதே அர்த்தம் இங்கேயும் பொருந்த வேண்டும்.

ஆனால், போட்டியாளர் ஒரே ஒரு கேள்வியில் அந்தத் தர்க்கத்தைக் குத்திவிட்டார். விம் பிராண்டை வைத்திருக்கும் இந்துஸ்தான் யூனிலீவர், எலுமிச்சையின் சக்தியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, குழந்தை சாப்பிடும் பாத்திரத்தில் கடுமையான ஆன்டிசெப்டிக் வேண்டுமா என்கிற தொனியில் விளம்பரம் செய்தது. ரெக்கிட் தரப்பு கொதித்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த விளம்பரம் தொட்ட நரம்பு எது என்று பாருங்கள். டெட்டால் மீது அது எந்தக் குறையும் புதிதாகச் சொல்லவில்லை. டெட்டாலைப் பற்றி நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் திருப்பிப் பிடித்தது. காயத்தில் 'கடுமையாக வேலை செய்யும்' என்பது பாராட்டு. தட்டில் 'கடுமையாக வேலை செய்யும்' என்பது பயம். குளியலறையில் தெம்பு தந்த வாசனை, தோசைத் தட்டில் வந்தால் வயிற்றைப் புரட்டும். பாத்திர ஜெல்லுக்குள் என்ன வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்பதுகூட இங்கே இரண்டாம்பட்சம். பெயரைப் படித்ததுமே மூக்கு தானாக அந்தப் பழைய வாசனையைக் கற்பனை செய்துகொள்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர்கள் டேவிட் ஆக்கரும் கெவின் கெல்லரும் 1990-ல் இந்த விஷயத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சந்தையில் இல்லாத கற்பனைப் பொருள்களைச் சொல்லி மக்களின் கருத்தைக் கேட்டார்கள். பியர் கம்பெனியான ஹெய்னிகென் பெயரில் பாப்கார்ன், மெக்டொனால்ட்ஸ் பெயரில் போட்டோ பிரின்ட் கடை என்று கொஞ்சம் குறும்பான பட்டியல். தாய்ப் பொருளுக்குத் தரமான பெயர் இருந்தால் மட்டும் போதாது, பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் இடையே ஒரு பொருத்தம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் வந்த முக்கிய முடிவு. 'இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அதையும் செய்யத் தெரியும்' என்று தோன்றுவது ஒருவகைப் பொருத்தம். 'இதையும் அதையும் சேர்த்துத்தானே பயன்படுத்துகிறோம்' என்பது இன்னொரு வகை.

இன்னொரு முடிவும் வந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். புதிய பொருள் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய, ரொம்ப எளிதான ஒன்றாக இருந்தால் மக்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பெயரை ஒட்டி விலையை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. பெரிய பெயர் போட்ட சாதாரண டி-ஷர்ட்டையோ தண்ணீர் பாட்டிலையோ பார்க்கும்போது நமக்கு வரும் அந்த எண்ணம்தான்.

அடி எங்கே விழுகிறது?

சரி, ஒரு புதிய பொருள் சொதப்பிவிட்டது. அதனால் பழைய, பெயர் வாங்கிக்கொடுத்த பொருளுக்குச் சேதாரம் உண்டா? 'ஆமாம், மொத்தமும் போச்சு' என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். உண்மை அவ்வளவு நேராக இல்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா ஜான், பார்பரா லோக்கென் இருவரும் கிறிஸ்டோபர் ஜாய்னருடன் சேர்ந்து 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நமக்கும் பழக்கமான ஒரு பெயரை: ஜான்சன் அண்ட் ஜான்சன். அந்தப் பெயர் என்றால் 'மென்மை'. அதன் அடையாளப் பொருள் பேபி ஷாம்பு. 'இந்த நிறுவனம் கொண்டுவரும் ஒரு புதிய பொருள் அவ்வளவு மென்மையானது அல்ல' என்ற தகவலைப் படிக்கக் கொடுத்துவிட்டு, மக்களின் நம்பிக்கை எங்கே இறங்குகிறது என்று அளந்தார்கள்.

பெயரின் மீதான பொதுவான நம்பிக்கை இறங்கியது. ஆனால், பேபி ஷாம்பு மீதான நம்பிக்கை அவ்வளவு சுலபமாக அசையவில்லை. பல வருடங்கள் தலைக்குத் தேய்த்துப் பார்த்த அனுபவம் அது. 'புதுசு சரியில்லைபோல, ஆனா ஷாம்பு ஷாம்புதான்' என்று மனம் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது.

ஒரே ஒரு சூழலில்தான் அந்தக் கோட்டையும் ஆட்டம் கண்டது. புதிய பொருளும் ஷாம்பு வகையிலேயே இருந்தபோது!

இது நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது, இல்லையா? தூரத்து வகையில் போய்ச் சொதப்பினால் மக்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே, அதே வகையில், தரம் குறைந்த தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அண்ணனின் பெயர் கெடுகிறது. அமெரிக்காவின் காடிலாக் கார் நிறுவனம் 1980-களில் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. ஆடம்பரக் காருக்குப் பெயர்போன அந்த நிறுவனம், குழுமத்தின் செவர்லே பிரிவில் விற்ற கவாலியர் என்ற சாதாரண சிறிய காரின் அடிப்படையிலேயே 'சிமரான்' என்றொரு காரைச் செய்து, காடிலாக் பெயரில் பல ஆயிரம் டாலர் கூடுதலாக விற்றது. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே வண்டி என்பது தெரிய அதிக நாள் ஆகவில்லை. 1988-ல் சிமரானை நிறுத்தினார்கள். ஆனால், 'காடிலாக் என்றால் என்ன?' என்ற கேள்வியை அது கிளப்பிவிட்டுத்தான் போனது.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். வீட்டிலிருந்தபடி இட்லிப் பொடி செய்து விற்கும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். உளுந்து, எள், மிளகாய், பெருங்காயம். கலப்படம் இல்லை, கைமணம் உண்டு. 200 கிராம் பாக்கெட் 120 ரூபாய். மாதம் 300 பாக்கெட் போகிறது. ஒரு பாக்கெட்டுக்கு 40 ரூபாய் நின்றால், மாதம் 12,000 ரூபாய் லாபம்.

"விலை ஜாஸ்திக்கா" என்று நான்கு பேர் சொன்னதும், அதே பெயரில் 80 ரூபாய்க்கு ஒரு பொடி போடுகிறார். எள்ளைக் குறைத்து, உளுந்தில் பாதிக்குப் பொட்டுக்கடலை. இதில் பாக்கெட்டுக்கு 15 ரூபாய்தான் நிற்கும். முதல் மாதமே 100 பாக்கெட் விற்கிறது. அக்காவுக்கு சந்தோஷம்.

இப்போது நோட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது, அந்த 100-ல் 70 பேர் ஏற்கெனவே 120 ரூபாய் பொடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள். பழைய பொடி 230 பாக்கெட்டாகக் குறைந்துவிட்டது. அதில் லாபம் 9,200 ரூபாய். புதுப் பொடியில் 1,500 ரூபாய். மொத்தம் 10,700. பாக்கெட் எண்ணிக்கை 330 ஆக ஏறியிருக்கிறது, அரைக்கும் வேலையும் கூடியிருக்கிறது, லாபம் 1,300 ரூபாய் குறைந்திருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. உண்மையான சேதாரம் நோட்டில் வராது. 80 ரூபாய் பொடியை முதன்முதலாக வாங்கிய அந்த 30 பேருக்கு, அக்காவின் பெயர் என்றால் பொட்டுக்கடலை வாசம் என்றுதான் பதிந்திருக்கும். அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிட்டுவிட்டு, 'ஓ, அந்தப் பொடியா... சுமார்தான்' என்று ஊருக்குப் போய்ச் சொல்வார். அவர் சொல்வது எந்தப் பொடியை என்று கேட்பவருக்குத் தெரியாது. பெயர் ஒன்றுதானே!

இதே அக்கா சாம்பார் பொடியோ பருப்புப் பொடியோ போட்டிருந்தால்? அதே கை, அதே அடுப்பு, வறுக்கத் தெரிந்த அதே பக்குவம். பெயர் தாங்கும். அப்பளம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாவு இடிப்பதும் காயவைப்பதும் வேறு வித்தை, மழைக்காலத்தில் கைவிட்டுவிடும். ஊதுபத்தி என்றால் சிரிப்புதான் வரும், ஆனால் பொடிக்குப் பெரிய பாதகம் இல்லை. விலை குறைந்த பொடி வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தால், அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். அல்லது அதே பொடியை 50 கிராம் பாக்கெட்டில் கொடுத்திருக்கலாம். தரத்தைத் தொடாமல் விலையைக் குறைக்க நம் ஊர்க் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு சாஷேக்களைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

800 லைசென்ஸ், ஒரே கையெழுத்து

மேலே பார்த்ததெல்லாம் ஒரு நிறுவனம் தானே செய்து தானே விற்பது. பெயரை வாடகைக்கு விடுகிற இன்னொரு வழி இருக்கிறது. பெயர் நீர்த்துப்போவதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

பியர் கார்டின். நம் ஊரில் பலருக்கு இது ஒரு பேனாவின் பெயர். உண்மையில் அவர் பாரிஸின் மாபெரும் ஆடை வடிவமைப்பாளர். 1922-ல் இத்தாலியில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்து, கிறிஸ்டியன் டியோரிடம் வேலை பார்த்து, 1950-ல் சொந்தமாகத் தொடங்கியவர். பணக்காரர்களுக்கு மட்டும் கையால் தைத்துக் கொடுக்கும் உலகத்தில் இருந்துகொண்டே, 1959-ல் ப்ரான்டாம்ப் என்ற பாரிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காக ரெடிமேட் உடைகளை வடிவமைத்தார். பாரிஸ் ஆடைக் கலைஞர்களின் சங்கம் முகம் சுளித்தது. ஆனால், எதிர்காலம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கடுத்து அவர் கண்டுபிடித்ததுதான் லைசென்ஸ் வியாபாரம். நீங்கள் ஒரு தொழிற்சாலை நடத்துகிறீர்கள். உங்கள் டையின் மீதோ பெல்ட்டின் மீதோ அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு பங்கை ராயல்ட்டியாக அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இயந்திரம் உங்களுடையது, ஆள்கள் உங்களுடையவர்கள், விற்காமல் தேங்கினால் நஷ்டமும் உங்களுடையது. அவருக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு கையெழுத்தும் சுத்த வருமானம். உச்சத்தில் இருந்தபோது அப்படி 800-க்கும் அதிகமான லைசென்ஸ்கள் இருந்ததாகச் சொல்வார்கள். உடை, வாசனைத் திரவியம், பெட்டி, கடிகாரம் என்பதெல்லாம் தாண்டி, வாணலி, மெத்தை வரைக்கும் அந்தப் பெயர் போனது. இந்தியாவில் பியர் கார்டின் பேனாக்களைச் செய்வதும் ஃப்ளேர் என்ற நம் நாட்டு நிறுவனம்தான்.

இதில் எங்கே தப்பு? எந்தத் தனி லைசென்ஸிலும் தப்பு இல்லை என்பதுதான் சிக்கலே. பேனா நன்றாகவே எழுதலாம். பெல்ட் வருடக்கணக்கில் உழைக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் லாபம்தான். ஆனால், பாரிஸில் ஒரு பெண், தன் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்து ஒரு பியர் கார்டின் உடை வாங்குவது எதற்காக? எல்லோரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதற்காக. அதே பெயர் பக்கத்து வீட்டு வாணலியின் கைப்பிடியில் இருந்தால் அந்தக் காரணம் காலி. டெட்டாலின் பெயருக்கு 'கிருமி' என்ற ஓர் அர்த்தம் கடைசிவரை நின்றது. பியர் கார்டின் பெயர் எல்லாவற்றின் மீதும் இருந்ததால், அது எதைக் குறிக்கிறது என்பதே இல்லாமல் போனது.

விலைச்சீட்டில் அது தெரிந்தது 2011-ல். கார்டின் தன் நிறுவனத்தை விற்கத் தயாரானார். அவர் எதிர்பார்த்த தொகை 100 கோடி யூரோ. அந்த விலைக்கு வாங்க ஆள் வரவில்லை. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்தான். தெரிந்த பெயருக்கும் மதிப்புள்ள பெயருக்கும் இடையே இருக்கும் தூரத்தைத்தான் வாங்க வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். 2020 டிசம்பரில், 98-வது வயதில் இறக்கும்வரை அது அவரிடமேதான் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார்டின் ஏமாந்துபோனவர் அல்ல. பெரும் பணக்காரராக வாழ்ந்தவர். 1981-ல் பாரிஸின் புகழ்பெற்ற மேக்ஸிம்ஸ் உணவகத்தையே வாங்கி, அந்தப் பெயரையும் பல பொருள்களுக்குக் கொடுத்தவர். சேமித்து வைத்திருந்த மதிப்பை அவர் வாழ்நாள் முழுக்க எடுத்துச் செலவு செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது அவர் முடிவு. ஆனால், வங்கிக் கணக்கில் பணம் எடுத்தால் இருப்பு எவ்வளவு என்று மெசேஜ் வரும். பெயரிலிருந்து எடுக்கும்போது அப்படி எதுவும் வருவதில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வாங்குகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம்பிக்கைக்கு நாம் காசு கொடுக்கிறோம். பெயர் தெரியாத பொருளைவிடப் பெயர் தெரிந்த பொருளுக்கு 20 ரூபாய் அதிகம் கொடுத்தால், அந்த 20 ரூபாய் நம்பிக்கையின் விலை. அந்த நம்பிக்கை எந்தப் பொருளில் சம்பாதித்தது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பாதி தெளிவு வந்துவிடும். 25 வருடமாக மிக்ஸி செய்து பெயர் வாங்கியவர்கள் கிரைண்டர் கொண்டுவந்தால், மோட்டார் செய்யத் தெரிந்தவர்கள் என்று நம்பலாம். அவர்கள் பெயரில் நான்-ஸ்டிக் தவா வந்தால், அந்தப் பூச்சு மோட்டார் வித்தை அல்ல. தவாவாகவே எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, பெட்டியின் பின்பக்கம். இந்தியாவில் பேக்கிங் செய்து விற்கும் பொருளில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். 'மேனுஃபேக்சர்ட் பை' என்ற இடத்தில் ஒரு பெயர், 'மார்க்கெட்டட் பை' என்ற இடத்தில் வேறு பெயர் இருந்தால், முன்பக்கம் பளபளக்கும் நிறுவனம் அதைத் தன் தொழிற்சாலையில் செய்யவில்லை என்று அர்த்தம். சில பொருள்களில் 'அண்டர் லைசென்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே அந்தப் பெயர் வாடகைக்கு வந்திருக்கிறது. இதனாலேயே பொருள் மட்டம் என்று முடிவு கட்டிவிட முடியாது. வெளியே கொடுத்துச் செய்து வாங்கினாலும் கறாராகத் தரம் பார்க்கிற நிறுவனங்கள் நிறைய உண்டு. ஆனால், பழுது என்று போனால் சர்வீஸ் தருவது யார், வாரன்ட்டி கார்டில் இருப்பது யாருடைய முத்திரை என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. குறிப்பாக மின்சாரப் பொருள்களுக்கு.

சோப், க்ரீம் போன்றவற்றில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். ஒரே பெயரில் இருப்பதால் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே மருந்து இருக்கும் என்று கிடையாது. காயத்துக்கு வைக்கும் திரவத்தில் இருப்பது அந்த பிராண்டின் மற்ற பொருள்களில் அதே அளவில் இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. லேபிள்தான் பேசும், பெயர் பேசாது. அதேபோல் வழக்கமாக வாங்கும் பொருளிலேயே 'நியூ', 'லைட்', 'வேல்யூ பேக்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால், பழைய கவரைத் தூக்கிப்போடும் முன்பு இரண்டின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைந்திருக்கிறதா, முதலில் இருந்த பொருள் மூன்றாவது இடத்துக்குப் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். உணவுப் பொருள்களில் எது அதிகம் சேர்த்திருக்கிறார்களோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். எனவே, இட்லிப் பொடி பாக்கெட்டில் உளுந்துக்கு முன்னால் பொட்டுக்கடலை இருந்தால், நீங்கள் வாங்கியது எந்தப் பொடி என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.